பாலாற்றுத் தண்ணீர் பிரிவு 21-க்குள் வந்த கதை: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கிறேன். அரசியலமைப்புப் பாடத்தில் மற்ற பகுதிகளை மனப்பாடம் செய்து தப்பித்துவிடும் பிள்ளைகள் பிரிவு 21-ல் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். வருடா வருடம் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் எழுதிவைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு நம்ம ஊர் வழக்கையே எடுத்துக்கொண்டேன்.

சார், 21-ல இருக்கிறது ஒரே ஒரு வரி. அதுக்குள்ள இத்தனை உரிமை எங்க இருந்து வந்துச்சு?

சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அந்த ஒரு வரியின் சாரம் இவ்வளவுதான். 1950-ல் இதை உச்ச நீதிமன்றம் மிகக் குறுக்கிப் படித்தது. அந்த வழக்கைப் போட்டவர் ஏ.கே. கோபாலன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம்ம வேலூர் சிறையிலிருந்து தப்பிப் போனவர் அதே கோபாலன்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் அவரைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு, அதில் ஒரு நடைமுறை எழுதிவிட்டால் போதும், அது நியாயமா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது நீதிமன்றம்.

இது மாற 28 வருடம் ஆனது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு. விசாரிக்காமல் பாஸ்போர்ட்டை முடக்கியது பற்றியது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் நேர்மையாகவும் அறிவுக்குப் பொருந்தியதாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். பிரிவு 14, 19, 21 மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பூட்டு திறந்தது அங்கேதான். 1981-ல் பிரான்சிஸ் கொராலி முலின் வழக்கில் உயிர் என்றால் விலங்கு மாதிரி வெறுமனே மூச்சு விடுவது அல்ல, மனித மாண்போடு வாழ்வது என்று சொன்னதும் கதவு அகலமாகிவிட்டது.

அதனால் யாரும் 21-ல் புது வரி சேர்க்கவில்லை. இருக்கிற சொற்களின் பொருள்தான் விரிந்தது. சேர்த்தது ஒன்றே ஒன்று, கல்விக்கான 21ஏ. அதுகூட 1992-ல் மோகினி ஜெயின் வழக்கில் 21-லிருந்து பிறந்து, 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உறுதியாகி, 2002-ல் 86-வது திருத்தமாகத் தனி எண் வாங்கிக்கொண்டது.

கேள்வித்தாள்ல புது உரிமையை 21-ஓட எப்படி முடிச்சுப் போடறாங்க? எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது?

அந்த வரியில் கனமான சொற்கள் மூன்று: உயிர், தனிநபர் சுதந்திரம், நடைமுறை. எந்தப் புது உரிமையும் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறது. விரைவான விசாரணை நடைமுறையைப் பிடித்து வந்தது. துணையைத் தேர்ந்தெடுப்பது சுதந்திரத்தைப் பிடித்து வந்தது. பிழைப்பு, தண்ணீர், காற்று எல்லாம் உயிரைப் பிடித்து வந்தவை. அந்தரங்க உரிமை உயிர், சுதந்திரம் இரண்டையும் பிடித்தது. அதனால்தான் 2018 யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் அந்தரங்க உரிமை பற்றிய கேள்விக்கு வெறும் 21 என்று ஒரு விருப்பமே கிடையாது. 21-உம் பகுதி 3-ல் உறுதியளிக்கப்பட்ட சுதந்திரங்களும் என்பதுதான் விடை. 2017 புட்டசாமி தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் சொன்னதை அப்படியே கேள்வியாக்கிவிட்டார்கள்.

2019-ல் விரும்பியவரை மணக்கும் உரிமையைக் காப்பது எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். விடை 21. முந்தின வருடம் ஹாதியா வழக்கில் வந்த தீர்ப்பு அது. கேள்வி போடுகிறவர் பெரும்பாலும் அண்மைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். நாம் செய்ய வேண்டியது, தீர்ப்பின் பெயரைக் கேட்டதும் அங்கே பாதிக்கப்பட்டவருக்கு என்ன இழப்பு, அது மூன்று சொற்களில் எதைத் தொட்டது என்று யோசிப்பது.

வேலூர் வழக்கு, வேலூர் வழக்குன்னு எல்லா புத்தகத்திலயும் இருக்கு. என்னதான் நடந்துச்சு?

எங்கள் பாட்டி வீடு ஆம்பூர் பக்கம். சின்ன வயதில் அங்கே போனால் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. காலையில் அடுப்பில் ஏற்றினால் பத்து மணிக்கும் அரிசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பாட்டி தெருக்கோடியிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்வார், பருப்புக்கு மட்டும். அந்தத் தண்ணீர் ஏன் அப்படி ஆனது என்பதுதான் வழக்கு.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரைக்கும் தோல் பதனிடும் டேனரிகள். கழிவுநீர் ஓடைக்கும் வயலுக்கும் பாலாற்று மணலுக்கும் போனது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் பிரிவு 32-ன் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டது. அவர்களுக்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. நீதிமன்றத்தின் முன் வந்த விவரங்களில் முக்கியமானது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. டேனரிகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தின், கே. வெங்கடசாமி ஆகியோர் தீர்ப்பு சொன்னார்கள். தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது, ஆனாலும் சூழலைக் கெடுக்கவோ மக்கள் உடல்நலத்தைப் பாழாக்கவோ அதற்கு உரிமை இல்லை என்பதுதான் அதன் போக்கு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்த நிலையமோ 1996 நவம்பர் 30-க்குள் வைக்க வேண்டும். இழப்பீட்டைக் கணக்கிட, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ன் பிரிவு 3(3) கீழ் ஓர் ஆணையம் அமைக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அதற்குத் தலைவர். மேற்கொண்டு கண்காணிக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் தமிழக அரசு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு விவரம். தலைப்பில் வேலூர் இருந்தாலும் அபராதம் வேலூர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டங்களின் டேனரிகளும் அதில் அடங்கும்.

தண்ணி கெட்டுப்போறது எப்படி சார் உயிர் உரிமை ஆகும்? யாரையும் கொல்லலையே?

மேனகாவுக்கு முன்னால் இப்படிக் கேட்டிருந்தால் சரியான கேள்வி. முலின் தீர்ப்புக்குப் பிறகு பதில் மாறிவிட்டது. மாண்போடு வாழ்வதுதான் உயிர் என்றால், குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் அந்த உயிர் பாதி போய்விட்டது. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் பம்பாய் நடைபாதைவாசிகளுக்குப் பிழைப்பும் உயிரின் பகுதிதான் என்று சொல்லியாகிவிட்டது. வயல் உப்புப் பூத்த விவசாயிக்குப் போனது தண்ணீரோடு பிழைப்பும்.

ஆனால் தீர்ப்பை நேரடியாகப் படித்தால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. சுத்தமான காற்று, தண்ணீர், மாசற்ற சூழல் ஆகியவற்றுக்கான உரிமையை அரசியலமைப்பும் சட்டங்களும் காக்கின்றன என்று சொன்ன நீதிமன்றம், அந்த உரிமையின் ஊற்றுக்கண் எது என்று வரும்போது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைக் காட்டுகிறது. ஒருவர் தன் நிலத்தில் செய்யும் வேலையால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் துர்நாற்றமோ நச்சுநீரோ போனால் அது தொல்லை என்னும் குற்றம் என்ற பழைய கோட்பாடு. பிரிட்டிஷ் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனை மேற்கோள் காட்டுகிறார்கள். அப்போது 21 எங்கே வருகிறது? முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசு செய்தவரே செலவேற்கும் கோட்பாடும் இந்த மண்ணின் சட்டம் என்று நிறுவும் இடத்தில். 21 உயிரைக் காக்கிறது, 47 பொது சுகாதாரத்தை அரசின் கடமை ஆக்குகிறது, 48ஏ சூழலைக் காக்கச் சொல்கிறது, 51ஏ(ஜி) அதைக் குடிமகனின் கடமையாக்குகிறது, இந்த வரிசையில் அந்தக் கோட்பாடுகளை நிறுத்துகிறார்கள். பன்னாட்டு வழக்காற்றுச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை நம் சட்டத்தில் கலந்ததாகவே கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இங்கே 21 தனியாக நின்று வேலை செய்யவில்லை. பிள்ளைகள் வழுக்கும் இடமும் இதுதான். வெறும் 21 என்று எழுதினால் பாதி மதிப்பெண்.

48ஏ, 47 எல்லாம் நீதிமன்றத்துல அமல்படுத்த முடியாத வழிகாட்டு நெறி. 51ஏ-வும் அப்படித்தான். அப்புறம் ஏன் இழுக்கறாங்க?

அவற்றைத் தனியாக வைத்து வழக்குப் போட முடியாது, உண்மைதான். 21-க்குள் இருக்கும் உயிர் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல மட்டும் அவற்றைக் கூப்பிடுகிறார்கள். உயிர் என்றால் என்ன என்று நீதிபதி தன் இஷ்டத்துக்குச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். அரசியலமைப்பே வேறோர் இடத்தில் சூழலையும் சுகாதாரத்தையும் முக்கியம் என்று எழுதிவைத்திருக்கிறதே என்று காட்டினால் பேச்சே வேறு. அமல்படுத்தும் பலம் 21-லிருந்து வருகிறது, உள்ளடக்கம் 48ஏ-விலிருந்து வருகிறது. 48ஏ-வும் 51ஏ-வும் 1976-ன் 42-வது திருத்தத்தில் வந்தவை. அவை இல்லாவிட்டால் சூழல் உரிமை இவ்வளவு எளிதாக 21-க்குள் நுழைந்திருக்காது என்பது என் கருத்து.

சுற்றுச்சூழல் உரிமை முதல்ல வந்தது வேலூர் வழக்குலதான்னு என் நோட்ஸ்ல இருக்கு. சரியா?

தவறு. கிழித்துவிடச் சொல்ல மாட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். மாசற்ற தண்ணீரையும் காற்றையும் அனுபவிப்பது 21-ன் பகுதி என்று தெளிவாகச் சொன்னது 1991-ன் சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம். இதில் ஒரு வேடிக்கை. உரிமை இருக்கிறது என்று சொன்ன அதே தீர்ப்பில் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள், ஏனென்றால் மனுதாரர் பொதுநலம் என்ற பெயரில் சொந்தக் கணக்கைத் தீர்க்க வந்தவர் என்று நீதிமன்றம் கருதியது. கூற்று–காரணம் வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல பொறி இருக்காது. அதற்கும் முன்பே, 1987-ல், கங்கைக் கரையில் கான்பூர் டேனரிகள் மீதான மேத்தாவின் வழக்கு வந்துவிட்டது.

வேலூர் வழக்குக்கு உரிய இடம் வேறு. நிலைத்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசு செய்தவரே செலவேற்றல் ஆகியவற்றை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சேர்த்துச் சொல்லி நிலைநாட்டியது இது. மாசு செய்தவர் கோட்பாடும் 1996 பிப்ரவரியிலேயே ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கில் வந்துவிட்டது. முன்னெச்சரிக்கைக்கு வேலூர் என்று நினைவில் வையுங்கள், அது போதும்.

முன்னெச்சரிக்கையும் மாசு செய்தவரும் எப்பவுமே குழப்புது.

ஒன்று கெடுதல் வருவதற்கு முன், இன்னொன்று வந்த பின். முதலாவதில் மூன்று கூறுகளைத் தீர்ப்பு சொல்கிறது. சூழல் கேடு வருமென்று முன்கூட்டியே பார்த்து, தடுத்து, அதன் காரணத்தை அரசு களைய வேண்டும். தீவிரமான, மீட்க முடியாத கேடு வரும் அபாயம் இருந்தால், அறிவியல் உறுதி போதவில்லை என்று சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே.

மூன்றாவதுதான் சாதாரண ஆள் கவனிக்க வேண்டியது. வழக்கமாகக் குற்றம் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் எந்த டேனரியிலிருந்து வந்தது என்று ஒரு விவசாயி எப்படி நிரூபிப்பார்? சுமை திருப்பிப் போடப்பட்டது இதனால்தான். மாசு செய்தவர் கோட்பாட்டில் இரண்டு செலவு சேர்கிறது: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவு. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது பரவலான தவறு.

தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. எங்க ஊர் போர் தண்ணி இன்னும் உப்பாதானே இருக்கு?

உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் தெரியும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். டேனரியில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. பிறகு மயிர் நீக்கம், சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் குரோமியத்தையும் அழுகும் கழிவையும் ஓரளவு பிடித்தன. கரைந்த உப்பைப் பிடிக்க அந்த அமைப்பால் முடியாது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் வேண்டும், மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்க வேண்டும், செலவு பிடிக்கும். உரிமை கிடைத்ததும் தண்ணீர் இனித்துவிடாது. நிலத்தடியில் ஏறிய உப்பு வடிய எத்தனையோ மழை வேண்டும், பாலாற்றில் வெள்ளம் வருவதோ எப்போதாவதுதான்.

பணத்தின் கதையும் இழுத்தது. ஆணையம் 2001 மார்ச்சில் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. பல பேருக்கு அது முழுதாக வந்து சேரவில்லை. கடைசியில் 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இன்னும் பெறாதவர்களுக்கு அரசே இழப்பீடு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. பாதிப்பை மதிப்பிட்டுத் திட்டம் வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைக்கவும் உத்தரவு. இதை அண்மை நிகழ்வாகப் படித்துவையுங்கள், ஊரில் இருப்பவர்கள் வேறு காரணத்துக்காகவும் படிக்கலாம்.

மெயின்ஸ்ல இப்படி ஒரு கேள்வி வந்தா எப்படி சார் எழுதறது? ஒண்ணு எழுதிக் காட்டுங்க.

2015-ல் வந்ததை எடுத்துக்கொள்வோம். சுத்தமான சூழலுக்கான உரிமை, தீபாவளிப் பட்டாசைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துவதையும் உள்ளடக்குமா, 21-ஐயும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் கொண்டு விவாதிக்க என்று கேட்டிருந்தார்கள்.

பாதிக்கப்படுவது யார் என்று தொடங்குங்கள்: மூச்சுத் திணறும் குழந்தை, ஆஸ்துமாக்காரர், தூக்கம் கெடும் நோயாளி. அடுத்து சொல்: உயிர், மாண்போடு. பிறகு சுபாஷ் குமார், காற்றுக்கும் தண்ணீருக்கும். சத்தத்துக்கு 2005-ல் வந்த தனித் தீர்ப்பு இருக்கிறது, இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கக் கூடாது என்றது. 48ஏ-வையும் 51ஏ(ஜி)-யையும் துணைக்கு நிறுத்துங்கள். வேலூர் வழக்கை இங்கே கொண்டுவருவது எதற்கு? நச்சு எவ்வளவு என்று துல்லியமாக நிரூபணமாகாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம் என்பதற்கு.

அப்புறம் எதிர்ப்பக்கம். சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளி இருக்கிறார், 19(1)(ஜி)-யின்படி தொழில் செய்யும் உரிமை இருக்கிறது, கொண்டாடும் வழக்கம் இருக்கிறது. முழுத் தடையா, ஒழுங்குபடுத்தலா? கேள்விக்குப் பின் வந்த 2018-ன் அர்ஜுன் கோபால் தீர்ப்பு இரண்டாவதைத்தான் எடுத்தது, பசுமைப் பட்டாசு, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை. வேலூரிலும் டேனரியை ஒரேயடியாக மூடச் சொல்லவில்லை, சுத்திகரிப்பு வைத்தால் ஓடலாம் என்றார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுதினால் விடைத்தாளைத் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்த உரிமையைக் கேட்டாலும் 21-ன்னு போட்டுட்டா பாஸ் ஆயிடலாமா?

சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தாலும் இந்தக் குறுக்கு வழி மூன்று வருடம் முன்பு ஒரு மாணவரை மாதிரித் தேர்வில் பள்ளத்தில் தள்ளியது. 21-ல் இல்லை என்று நீதிமன்றமே சொன்னவை இருக்கின்றன. சாகும் உரிமை 1994-ல் ரத்தினம் வழக்கில் உண்டு என்றார்கள், 1996-ல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் இல்லை என்று மாற்றினார்கள். ஆனால் 2018-ல் மாண்போடு சாவது, அதாவது மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கைச் சிகிச்சையை நிறுத்துவது, 21-க்குள் வந்துவிட்டது. திருமணத்திலும் இப்படித்தான். துணையைத் தேர்ந்தெடுப்பது 21-ல் உண்டு, ஆனால் திருமணம் என்பதே ஓர் அடிப்படை உரிமை இல்லை என்று 2023-ல் சுப்ரியோ வழக்கில் சொன்னார்கள். விருப்பங்களில் ஒரு சொல்தான் வித்தியாசம் இருக்கும், அந்தச் சொல்லில் மதிப்பெண் இருக்கும்.

வகுப்பு முடியுறதுக்குள்ள ஒரு பயிற்சிக் கேள்வி குடுங்க சார்.

கூற்று: வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசற்ற சூழலுக்கான உரிமை 21-லிருந்து மட்டுமே பிறக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. காரணம்: முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின்படி நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரைச் சேரும்.

போன வாரம் இதைக் கரும்பலகையில் எழுதினேன். இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் இரண்டும் சரி என்று கை தூக்கினார்கள். கூற்று தவறு, காரணம் சரி. வாணியம்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு பெண் மட்டும், சார், மட்டுமே என்று எழுதியிருக்கீங்களே என்று கேட்டாள்.